புது போனில் வங்கிச் செயலி: பழைய போன் ஏன் நின்றுபோகிறது?

பழைய போனிலிருந்து புது போனுக்கு மாறுவது இப்போது அரை மணி நேர வேலை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் புகைப்படங்கள், தொடர்பு எண்கள், அலாரம் வரை எல்லாம் தானாக வந்துவிடுகின்றன. ஜிபே, போன்பே, வங்கியின் சொந்தச் செயலி ஆகியவையும் திரையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். தொட்டுத் திறந்தால்தான் தெரியும், வந்திருப்பது வெறும் கூடு என்று. உங்களை முன்பின் தெரியாததுபோல அது போன் எண்ணைக் கேட்கும், எந்த சிம் என்று கேட்கும், எஸ்எம்எஸ் அனுப்ப அனுமதி கேட்கும். அந்த வேலையை முடித்துவிட்டுப் பழைய போனை எடுத்துப் பார்த்தால், நேற்று வரை ஒழுங்காக ஓடிய அதே செயலி அங்கே வெளியேறிப் போயிருக்கும்.

இதைக் கோளாறு என்று நினைப்பவர்கள் நிறைய பேர். வங்கிக்குப் போய்ச் சண்டை போடுபவர்களும் உண்டு. உண்மையில், உங்கள் கணக்கைக் காக்கும் முக்கியமான ஏற்பாடு சரியாக வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம் அது. வங்கித் துறையினர் இதை ‘டிவைஸ் பைண்டிங்’ என்பார்கள். கணக்கை ஒரு குறிப்பிட்ட போனோடு பிணைப்பது. இந்தப் பிணைப்பு எப்படி விழுகிறது என்று தெரிந்துகொண்டால் போன் மாற்றும்போது திண்டாட வேண்டியதில்லை. அதைவிடப் பெரிய பலன் ஒன்றும் உண்டு: மோசடி நடக்கும்போது அதை முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

வெளியே போகும் அந்த ஒரு எஸ்எம்எஸ்

யூபிஐ செயலி ஒன்றைப் புது போனில் திறந்து, சிம்மைத் தேர்ந்தெடுத்து, ‘தொடர்க’ என்று அழுத்திய பிறகு சில நொடிகள் திரையில் ஒரு வட்டம் சுற்றும். முக்கியமான வேலை எல்லாம் அந்தச் சில நொடிகளில்தான் நடக்கிறது.

முதலில் செயலி இந்த நிறுவலுக்கு மட்டுமே உரிய ஒரு ரகசியக் குறியீட்டைத் தயார் செய்கிறது. பிறகு அந்தக் குறியீட்டை ஒரு எஸ்எம்எஸ்ஸில் வைத்து, உங்கள் சிம் வழியாக வங்கியின் எண் ஒன்றுக்கு அனுப்புகிறது. போனின் மெசேஜ் பகுதியில் ‘அனுப்பியவை’ பட்டியலைத் திறந்தால் பலரது போனில் அது கிடக்கும்: அர்த்தமே இல்லாத எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு நீளமான வரி.

வங்கியின் சர்வருக்கு இப்போது இரண்டு வழியாகச் செய்தி வந்திருக்கிறது. இணையம் வழியாக, ‘இந்தக் குறியீட்டுடன் ஒரு போன் காத்திருக்கிறது’ என்று செயலி சொல்லியிருக்கிறது. எஸ்எம்எஸ் வழியாக அதே குறியீடு ஒரு மொபைல் எண்ணிலிருந்து வந்திருக்கிறது. அந்த எண் யாரும் தட்டச்சு செய்தது அல்ல. அனுப்பிய சிம்மைப் பார்த்துத் தொலைபேசி நிறுவனத்தின் நெட்வொர்க்கே ஒட்டி அனுப்பியது. இரண்டும் பொருந்தினால், இந்த எண்ணின் சிம் இந்தப் போனுக்குள்தான் இருக்கிறது என்ற முடிவுக்கு சர்வர் வருகிறது. அந்த எண்ணுக்கு எந்தெந்த வங்கியில் கணக்கு இருக்கிறது என்று தேடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நமக்குப் பழக்கமான ஓடிபி இதற்கு நேர் எதிர்த் திசையில் வருகிறது. வங்கி அனுப்பும், நாம் படித்துத் தட்டச்சு செய்வோம். படிக்க முடிந்ததை இன்னொருவருக்குச் சொல்லவும் முடியும். ஓடிபி மோசடிகள் எல்லாம் அந்த ஓட்டை வழியாக நுழைந்தவைதான். அதனால்தான் 2016-ல் தேசிய பணப்பரிவர்த்தனைக் கழகம் கொண்டுவந்த யூபிஐ, போனைப் பதிவு செய்ய இந்த வெளியே போகும் எஸ்எம்எஸ்ஸைப் பிடித்துக்கொண்டது. ஸ்டேட் வங்கியும் 2021-ல் தன் யோனோ செயலியில் சிம்மையும் போனையும் சேர்த்துப் பிணைக்கும் முறையைக் கொண்டுவந்தது.

ஐபோனில் ஒரு வித்தியாசம் உண்டு. செயலி தானாக எஸ்எம்எஸ் அனுப்ப ஆப்பிள் அனுமதிப்பதில்லை. எழுதித் தயாரான எஸ்எம்எஸ் திரையில் வந்து நிற்கும். நாம்தான் அனுப்பு பொத்தானை அழுத்த வேண்டும். அந்த வரியில் ஒரு எழுத்தைக்கூடத் தொடாமல் அப்படியே அனுப்பிவிட வேண்டும்.

போனுக்குள் தங்கிவிடும் சாவி

எஸ்எம்எஸ் ஒருமுறை போய்ச் சேர்ந்துவிட்டால் ஒவ்வொரு முறையும் அதை அனுப்ப வேண்டியதில்லை. அடுத்த முறை இதே போன்தான் பேசுகிறது என்று சர்வருக்குத் தெரிய வேறு ஏற்பாடு இருக்கிறது.

போனின் ஐஎம்இஐ எண்ணை வைத்து அடையாளம் காண்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10-லிருந்து சாதாரணச் செயலிகளால் அந்த எண்ணைப் படிக்கவே முடியாது. அதனால் வங்கிச் செயலிகள், பதிவு செய்யும் நேரத்தில் தங்களுக்கென்று ஒரு ரகசியச் சாவியைப் போனுக்குள் உருவாக்கி வைத்துக்கொள்கின்றன. நல்ல செயலிகள் அதைப் போனின் பாதுகாப்புப் பகுதியில் வைக்கின்றன. அங்கே வைத்த சாவியைக் கொண்டு கையெழுத்திடச் சொல்லலாம். சாவியை வெளியே எடுக்க முடியாது. செயலி திறக்கும்போது சர்வர் ஒரு கேள்வி அனுப்புகிறது, போன் அந்தச் சாவியால் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்புகிறது, சர்வர் சரிபார்க்கிறது. நாம் கைரேகை வைக்கும் அந்த ஒரு நொடிக்குள் இது முடிந்துவிடும்.

டேட்டாவை மாற்றும்போது வங்கிச் செயலி மட்டும் வெறும் கூடாக வருவதற்குக் காரணம் இதுதான். செயலி நகலாகும், சாவி நகலாகாது. நகலாகக் கூடியதாக இருந்தால், உங்கள் போனின் பேக்கப்பைத் திருடியவன் கையில் உங்கள் வங்கியும் போயிருக்கும். இதே காரணத்தால்தான் போனை ஃபேக்டரி ரீசெட் செய்தாலும், செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினாலும், போன் பழையதாகவே இருந்தாலும்கூட முதலிலிருந்து பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

யூபிஐ பின் இந்தக் கதையில் சேராது. அதைச் சரிபார்ப்பது உங்கள் வங்கி. அது போனில் சேமிக்கப்படுவதில்லை. ஆகவே போன் மாறினாலும் பழைய பின்னே செல்லும். மறந்துவிட்டால் மட்டும் டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கங்கள், அதன் காலாவதி மாதம், ஓடிபி ஆகியவற்றைக் கொண்டோ ஆதார் வழியாகவோ புதிதாக அமைத்துக்கொள்ளலாம்.

பழைய போனை நிறுத்துவது எது?

சிம்மைக் கழற்றியதும் பழைய போனில் வங்கி நின்றுவிடும் என்பது பரவலான நம்பிக்கை. பல செயலிகள் சிம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் திறக்க மறுக்கின்றன. எல்லாச் செயலிகளும் அப்படிக் கறாராக இருப்பதில்லை. வைஃபை இருந்தால், சிம் இல்லாமலே திறக்கும் செயலிகளும் உண்டு.

பழைய போனை உறுதியாக நிறுத்துவது, புது போனில் விழும் பிணைப்பு. ஒரு செயலியில் ஓர் எண்ணுக்கு ஒரு போன் என்பதுதான் யூபிஐயின் கணக்கு. புது போனின் எஸ்எம்எஸ் ஏற்கப்பட்ட நொடியில், சர்வர் தன் பதிவேட்டில் பழைய போனின் பெயரை அடித்துவிட்டுப் புதியதை எழுதிக்கொள்கிறது. பழைய போனில் சாவி அப்படியே இருக்கும், ஆனால் பூட்டு மாறிவிட்டது. அங்கே செயலியைத் திறந்தால் ‘வேறு போனில் பதிவு செய்துள்ளீர்கள்’ என்ற பொருளில் ஏதோ ஒரு வரி வரும். அதே சிம்மைப் பழைய போனில் போட்டு மறுபடி பதிவு செய்தால், இப்போது புது போன் நின்றுபோகும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, பிணைப்பு செயலிக்குச் செயலி தனித்தனி என்பது. புது போனில் போன்பேயைப் பதிவு செய்தால் பழைய போனின் போன்பே நிற்கும். ஜிபே நிற்காது, வங்கியின் சொந்தச் செயலியும் நிற்காது. ஒவ்வொன்றையும் தனியாக மாற்ற வேண்டும், அல்லது பழைய போனில் தனியாகப் பதிவை நீக்க வேண்டும். அதைச் செய்யாமல் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டால், பிணைப்பு உயிரோடு இருக்கும் ஒரு செயலி இன்னொருவர் கைக்குப் போகிறது. அவருக்கு உங்கள் திரைப்பூட்டும் பின்னும் தெரியாது என்பது மட்டுமே அப்போது மிஞ்சும் பாதுகாப்பு.

ஒரு மளிகைக் கடைக்காரரின் சனிக்கிழமை

தென்காசியில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர் சனிக்கிழமை மாலை புது ஆண்ட்ராய்டு போன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் இரண்டு சிம். ஒன்று வங்கியில் கொடுத்த பழைய எண். மற்றொன்று இணையத்துக்காக வாங்கியது. யூபிஐ செயலிகள் இரண்டு, வங்கிச் செயலி ஒன்று.

கடையில் சிம்களை மாற்றிப் போடும்போது இடம் மாறிவிடுகிறது. பழைய போனில் முதல் இடத்தில் இருந்த வங்கி எண் இப்போது இரண்டாவது இடத்தில். அவர் பழக்கத்தில் முதல் சிம்மைத் தேர்ந்தெடுக்கிறார். எஸ்எம்எஸ் போகிறது, பதிவும் நடக்கிறது, ஆனால் ‘இந்த எண்ணில் கணக்கு எதுவும் இல்லை’ என்று வருகிறது. கணக்கே போய்விட்டதோ என்று பதறத் தேவையில்லை. தவறான எண்ணைச் சர்வர் சரியாகப் படித்திருக்கிறது, அவ்வளவுதான்.

சரியான சிம்மைத் தேர்ந்தெடுத்து மறுபடி முயல்கிறார். இப்போது வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து, ‘எண்ணைச் சரிபார்க்க முடியவில்லை’ என்று முடிகிறது. மெசேஜ் பகுதியைத் திறந்தால் அந்த எஸ்எம்எஸ்ஸின் பக்கத்தில் ‘அனுப்பப்படவில்லை’ என்று சிவப்பில் நிற்கிறது. வங்கி எண்ணுக்கு ரீசார்ஜ் செய்யாமல் உள்வரும் அழைப்புக்கு மட்டும் விட்டு வைத்திருந்தார். வெளியே எஸ்எம்எஸ் போக அதில் திட்டமும் இல்லை, இருப்பும் இல்லை. புது போனில் பதிவு செய்யத் திண்டாடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்: அந்த சிம்மிலிருந்து நண்பர் ஒருவருக்குச் சாதாரண எஸ்எம்எஸ் ஒன்று போகிறதா? போகவில்லை என்றால் வங்கியிடம் கேட்டுப் பயனில்லை. ரீசார்ஜ் செய்ததும் பதிவு ஒரே முயற்சியில் முடிகிறது.

அடுத்த சிக்கல் திங்கட்கிழமை வருகிறது. மொத்த வியாபாரிக்கு 18,000 ரூபாய் அனுப்ப வேண்டும். காலையில்தான் இரண்டாவது யூபிஐ செயலியைப் புது போனில் பதிவு செய்தார்; அதிலிருந்து அனுப்பினால் மறுக்கிறது. புதிதாகப் பிணைத்த போனில் முதல் 24 மணி நேரத்துக்குப் பொதுவாக மொத்தம் 5,000 ரூபாய்தான் அனுப்ப முடியும். ஐபோனாக இருந்தால் இந்தக் கட்டுப்பாடு பெரும்பாலும் 72 மணி நேரம். யாராவது திருட்டுத்தனமாக உங்கள் எண்ணைத் தங்கள் போனில் பிணைத்துவிட்டால், கணக்கு காலியாவதற்குள் நீங்கள் கவனிக்க அவகாசம் வேண்டும் என்பதற்காக வைத்த வேலி அது. பெரிய தொகை அனுப்ப வேண்டிய நாளில் போனை மாற்றாமல் இருப்பதுதான் இதற்கு வழி.

கடை வாசலில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டைக்கு இதனால் எதுவும் ஆகவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வாடிக்கையாளர்களின் பணம் வந்துகொண்டுதான் இருந்தது. அந்த அட்டை காட்டுவது யூபிஐ முகவரியை. முகவரி கணக்கோடு சேர்ந்து சர்வரில் இருக்கிறது. போன் தேவைப்படுவது பணம் கொடுக்கத்தான், வாங்க அல்ல.

ஒன்று மட்டும் அவரை உண்மையாகவே சுற்றவிடும். பழைய போனில் சின்னச் சின்னச் செலவுக்கு யூபிஐ லைட் வைத்திருந்தார்; அதில் சில நூறு ரூபாய் மீதி இருந்தது. லைட்டில் பின் கேட்பதில்லை. அதற்கு ஈடாக, செலவழிக்கும் உரிமை அந்த ஒரு போனோடு இறுகக் கட்டப்பட்டிருக்கிறது. புது போனில் அந்த மீதி தெரியாது. பணம் வங்கியிடம்தான் இருக்கிறது, தொலைந்துபோகவில்லை. திரும்பப் பெற வங்கியிடம் புகார் கொடுத்து அலைய வேண்டும். போன் மாற்றுவதற்கு முன்பே பழைய போனில் லைட்டை மூடியிருந்தால் மீதி அப்போதே கணக்குக்கு வந்திருக்கும்.

செய்ய வேண்டிய வரிசை

ஆகவே, புது போன் கைக்கு வந்தால் முதல் வேலை பழைய போனில்தான். யூபிஐ லைட்டை மூடிவிடுங்கள். பணம் சம்பந்தப்பட்ட செயலிகள் என்னென்ன இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டெபிட் கார்டையும் நெட் பேங்கிங் பயனர் பெயரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வங்கியின் சொந்தச் செயலி எஸ்எம்எஸ்ஸோடு இவற்றில் ஒன்றையும் கேட்கும்.

பிறகு சிம்மைப் புது போனில் போட்டு, ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள். போனோடு சேர்த்து சிம்மையும் மாற்றுவதாக இருந்தால், அல்லது இ-சிம்முக்குப் போவதாக இருந்தால், ஒரு நாள் சேர்த்துக் கணக்கிடுங்கள். நகல் சிம் வாங்கி நடக்கும் மோசடிகளைத் தடுக்க, புதிதாக மாற்றிய சிம்மில் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் சேவையை நிறுத்தி வைக்கும் விதி இருக்கிறது. அந்த ஒரு நாள் எந்த வங்கிச் செயலியும் பதிவாகாது.

எஸ்எம்எஸ் போகிறது என்றால், தாளில் எழுதிய செயலிகளை ஒவ்வொன்றாகப் புது போனில் பதிவு செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் இருப்புத் தொகை தெரிகிறதா என்று பார்த்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். எல்லாம் முடிந்து, கட்டுப்பாட்டு நேரமும் கழிந்து, சிறிய தொகை ஒன்றை அனுப்பிப் பார்த்த பிறகு பழைய போனை ரீசெட் செய்யலாம், விற்கலாம், தங்கைக்குக் கொடுக்கலாம். ரீசெட்டை முதல் வேலையாகச் செய்பவர்கள்தான் பின்னால் அல்லாடுகிறார்கள்.

வீட்டுப் பெரியவர்களின் கணக்கை மகனோ மகளோ தன் போனில் வைத்து நடத்தும் வீடுகள் நம்மிடம் ஏராளம். பிணைப்பு வந்த பிறகு, கணக்கில் உள்ள எண்ணின் சிம் இருக்கும் போனில்தான் செயலி ஓடும். அப்பாவின் கணக்கில் எப்போதோ கைவிட்ட ஓர் எண் இருந்தால், புது போன் வாங்கும் முன்பே கிளைக்குப் போய் எண்ணை மாற்றிவிடுவது நல்லது.

மாற்றாத போன் நின்றுபோனால்

இவ்வளவு கவனமாகக் கட்டிய பிணைப்பிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. மோசடிக்காரர்களுக்கு அது நன்றாகவே தெரியும். சர்வர் பார்ப்பது எஸ்எம்எஸ் எந்த எண்ணிலிருந்து வந்தது என்பதை. அந்த எஸ்எம்எஸ்ஸை உங்கள் கையாலேயே அனுப்ப வைத்துவிட்டால்?

மோசடிக்காரன் தன் போனில் ஒரு யூபிஐ செயலியை நிறுவுகிறான். அது தயாரிக்கும் குறியீட்டு வரியைப் பிரதி எடுத்து உங்களுக்கு அனுப்புகிறான். ‘உங்கள் பணம் திரும்ப வர இதை இந்த எண்ணுக்கு ஃபார்வர்டு செய்யுங்கள்’ என்கிறான். நீங்கள் ஃபார்வர்டு செய்த நொடியில் உங்கள் எண் அவன் போனோடு பிணைக்கப்பட்டுவிடுகிறது. அடுத்து கார்டின் கடைசி ஆறு இலக்கங்களையும் ஓடிபியையும் பேசி வாங்கிவிட்டால், புது பின்னையும் அவனே அமைத்துக்கொள்வான். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகள் செய்வதும் இதே வேலைதான். அவற்றை நிறுவி எஸ்எம்எஸ் அனுமதியைக் கொடுத்துவிட்டால், நீங்கள் ஃபார்வர்டு செய்யக்கூடத் தேவையில்லை. அதுவே அனுப்பும், வரும் ஓடிபியையும் அதுவே படிக்கும்.

பிணைப்பைப் பற்றித் தெரிந்தவருக்கு இதில் ஓர் எச்சரிக்கை மணி கிடைக்கிறது. மோசடிக்காரன் நீங்கள் வைத்திருக்கும் அதே செயலியில் உங்கள் எண்ணைப் பிணைத்தால், உங்கள் கையில் இருக்கும் போன் ‘பழைய போன்’ ஆகிவிடும். நீங்கள் போனையும் மாற்றவில்லை, சிம்மையும் மாற்றவில்லை, செயலியையும் நீக்கவில்லை. ஆனாலும் அது திடீரென்று வெளியேறி முதலிலிருந்து பதிவு கேட்கிறது என்றால், அவசரமாகப் பாருங்கள். வேறு செயலியில் பிணைத்திருந்தால் உங்கள் செயலி நிற்காது. புது போனில் பதிவானதாக வங்கி அனுப்பும் எஸ்எம்எஸ், ‘அனுப்பியவை’ பட்டியலில் நீங்கள் எழுதாத ஒரு குறியீட்டு வரி ஆகியவற்றைத் தேடுங்கள். காரணமில்லாமல் சிம்மில் சிக்னலே இல்லாமல் போனால், யாரோ நகல் சிம் வாங்கியிருக்கலாம்.

அப்படி ஏதாவது ஒன்று கண்ணில் பட்டால் முதல் அழைப்பு வங்கிக்கு: கணக்கின் யூபிஐ சேவையை நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் அடுத்த அழைப்பு 1930-க்கு. அது சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். போனே தொலைந்துவிட்டாலும் இதே வரிசைதான், கூடவே சிம்மையும் முடக்க வேண்டும். நகல் சிம்மைப் புது போனில் போட்டு ஒவ்வொரு செயலியையும் மறுபடி பதிவு செய்தால், தொலைந்த போனில் இருக்கும் பிணைப்பு ஒவ்வொன்றாக அறுந்துவிடும்.

முதல் 24 மணி நேரத்தில் 5,000 ரூபாய்க்கு மேல் போகாது என்ற கட்டுப்பாடு இப்போது உங்கள் பக்கம் நிற்கிறது. ஆனால் அந்த அவகாசத்தைப் பயன்படுத்த வேண்டியவர் நீங்கள். செயலி வெளியேறிவிட்டதே, நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டால் அது கழிந்துவிடும். போன் மாற்றிய நாளில் பழைய போன் நின்றால் நிம்மதியாக இருங்கள். மாற்றாத நாளில் நின்றால் அந்த நிமிடமே வங்கியைக் கூப்பிடுங்கள்.